கட்டிலுக்கு முன் தலையணைக்கு இடம் பாருங்கள்

"எங்கள் படுக்கையறை 10 அடி அகலம், 12 அடி நீளம். 10 அடிச் சுவர் ஒன்றில், நுழைபவரின் வலது கைப் பக்க மூலையை ஒட்டி 3 அடிக் கதவு. எதிர்ச் சுவரின் நடுவில் தெருவைப் பார்த்த 4 அடி ஜன்னல். இடது பக்கச் சுவர் வெளிச்சுவர், அதில் மாலை வெயில் அடிக்கும், ஜன்னல் கிடையாது. வலது பக்கச் சுவருக்குப் பின்னால் குளியலறை. 5 அடி அகலக் கட்டிலும் ஒரு பீரோவும் இருக்கின்றன. ஜன்னலுக்குக் கீழே தலைமாடு வந்தால் அழகாக இருக்கும் என்கிறார் என் மனைவி. கதவுக்கு நேராகப் படுக்கக் கூடாது என்கிறார் அம்மா. எந்தச் சுவரில் தலைமாட்டை வைப்பது?"

இடது பக்கச் சுவரில் வையுங்கள். சுவரின் சரி நடுவில் வேண்டாம், சற்று ஜன்னல் பக்கமாகத் தள்ளி வையுங்கள். இதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு: அந்தச் சுவர் இரவு பத்து மணிக்கு எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பார்த்த பிறகே கட்டிலை நகர்த்த வேண்டும். அந்தச் சோதனையில் சுவர் தேறாவிட்டால் உங்கள் மனைவி சொன்ன இடம்தான் அடுத்தது. இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். அறைகளின் உள்ளமைப்பு வேலையில் பல காலமாக இருக்கிறேன். கட்டிலை எங்கே போடுவது என்பதுதான் ஒவ்வொரு வீட்டிலும் முதலில் கேட்கப்படும், பெரும்பாலும் அவசரமாக முடிவு செய்யப்படும் கேள்வி.

அவசரத்துக்குக் காரணம், கட்டில் ஒரு பெரிய பொருளாகக் கண்ணுக்குத் தெரிவதுதான். 120 சதுர அடி அறையில் அது மட்டுமே ஏறத்தாழ 37 சதுர அடியை எடுத்துக்கொள்கிறது. ஆகவே எல்லோரும் 'இந்த மரச்சட்டம் எங்கே பொருந்தும்' என்று தேடுகிறார்கள். ஆனால் அந்த 37 சதுர அடியில் தூக்கத்தைத் தீர்மானிக்கும் பகுதி தலைமாட்டை ஒட்டிய ஒன்றரை அடிப் பட்டைதான். கண், காது, மூக்கு மூன்றும் இரவு முழுவதும் அங்கேதான் இருக்கின்றன. வெளிச்சம் காலில் விழுந்தால் யாரும் விழிப்பதில்லை. முகத்தில் விழுந்தால், இமை மூடியிருந்தாலும் அதன் வழியே ஒரு பகுதி உள்ளே போகும். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கால்மாட்டில் இருந்தால் அது அறையில் எங்கோ கேட்கும் ஒலி. காதுக்கு அரை அடியில் இருந்தால் அது தூக்கத்தைக் கெடுக்கும் ஒலி. எனவே முதலில் 5 அடிக்கு ஒன்றரை அடி அளவுள்ள ஒரு தலையணைப் பட்டைக்கு நல்ல இடம் பாருங்கள். கட்டிலின் மற்ற பகுதி அங்கிருந்து எந்தப் பக்கம் நீள முடியும் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 5 அடிக் கட்டில் என்பது மெத்தையின் அகலம். மெத்தை பெரும்பாலும் 5 அடிக்கு ஆறரை அடி. சட்டத்தின் வெளி விளிம்பு வரை அளந்தால் அகலம் 5 அடி 3 அங்குலமும், தலைமாட்டுப் பலகையின் கனத்தோடு நீளம் 7 அடியும் வரும். சில கட்டில்களில் இன்னும் கூடுதலாக வரும். உங்கள் கட்டிலை நாடா வைத்து நீங்களே அளந்துகொள்ளுங்கள். கீழே நான் 5 அடி 3 அங்குலம், 7 அடி என்றே கணக்கிடுகிறேன்.

உங்கள் அறையில் நான்கு சுவர்கள், நான்கு வாய்ப்புகள். கதவு இருக்கும் சுவரை உடனே தள்ளிவிடலாம். 10 அடியில் கதவும் அதன் நிலையும் மூன்றரை அடியை எடுத்துக்கொண்டால் மீதம் ஆறரை அடி. கட்டில் அதில் நுழையும். ஆனால் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது இரண்டு பக்கமும் கால் வைக்க முடியாத இடுக்காகிவிடும். சுவர்ப் பக்கம் படுப்பவர் இரவில் எழ வேண்டுமானால் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். தலையணை கதவுக்கு அருகிலேயே இருப்பதால், வெளியே யாராவது பேசினால் அது முதலில் காதில்தான் விழும். போதும், அந்தச் சுவரை விட்டுவிடுவோம்.

குளியலறைச் சுவரைப் பலர் விரும்புவார்கள். அது உட்சுவர், வெயில் படாது, ஜன்னல் இல்லை, வெறுமையாக நீளமாக இருக்கிறது. பார்வைக்கு அதைவிட நல்ல தலைமாட்டுச் சுவர் இல்லை. ஆனால் தண்ணீர்க் குழாய் அதற்குள்ளோ அதை ஒட்டியோ போகிறது. தண்ணீர் ஓடும்போதும், குழாயைச் சட்டென்று மூடும்போதும் உண்டாகும் அதிர்வு, குழாயைப் பிடித்திருக்கும் கொக்கிகள் வழியாகச் சுவருக்குள் இறங்குகிறது. சுவரில் தலைமாட்டுப் பலகை ஒட்டியிருந்தால் அந்த அதிர்வு பலகைக்கும் வந்துவிடும். அறையின் நடுவில் நின்றால் கேட்காத சத்தம், தலையணையில் காதை வைத்ததும் தெளிவாகக் கேட்பது இதனால்தான். இதைச் சோதிப்பது எளிது. வீடு அடங்கிய பிறகு, தரையிலிருந்து 2 அடி உயரத்தில் சுவரில் காதை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் குளியலறையில் குழாயைத் திறந்து மூடட்டும், கழிப்பறைத் தொட்டியையும் ஒருமுறை காலி செய்யட்டும். சுவர் நெடுகிலும் இரண்டு மூன்று இடங்களில் இப்படிக் கேட்டால் குழாய் எங்கே போகிறது என்பதே தெரிந்துவிடும்.

இந்தச் சுவரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கீழ்ப்பகுதியில் வண்ணப்பூச்சு கொப்புளம்போல எழும்பியிருக்கிறதா, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் குளியலறையிலிருந்து ஈரம் கசிகிறது. அதன் முன்னால் கட்டிலை வைத்து மறைத்துவிட்டால் கசிவு பெருகுவது கண்ணில் படாது. மெத்தையில் பூசண வாடை வந்த பிறகுதான் தெரியும்.

உங்கள் அறையைப் பொறுத்தவரை குளியலறைச் சுவரை நான் ஒதுக்குவதற்குக் குழாயைவிடப் பெரிய காரணம் கதவு. உங்கள் கதவு அந்தச் சுவரை ஒட்டியே இருக்கிறது. முழுதாகத் திறந்தால் கதவுப் பலகை அந்தச் சுவரின் முதல் 3 அடியில் போய் நிற்கும். அதற்கு அப்பால்தான் கட்டிலைத் தொடங்க முடியும். அப்படி வைத்தால் கதவுப் பக்கம் படுப்பவரின் தலை, கதவிலிருந்து நாலைந்து அடியில், கதவுக்குப் பக்கவாட்டில் இருக்கும். யார் வந்தாலும் தலையைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். கூடத்து விளக்கு எரிந்தால் திறந்த கதவின் வழியே வெளிச்சம் நேராக அந்தத் தலையணையின் மேல் விழும்.

இப்போது ஜன்னல் சுவர். இதில் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் இட வசதியை மட்டும் பார்த்தால் உங்கள் மனைவி சொல்வது சரி. 10 அடிச் சுவரின் நடுவில் கட்டிலை வைத்தால் இரண்டு பக்கமும் 2 அடி 4 அங்குலம் கிடைக்கிறது. கால்மாட்டுக்குப் பின்னால் 5 அடி திறந்த இடம். கதவிலிருந்து தடையில்லாத பாதை. ஜன்னலும் கட்டிலும் ஒரே நடுக்கோட்டில் வருவதால் அறைக்குள் நுழைந்ததும் கண்ணுக்கு நிறைவாக இருக்கும்.

சிக்கல் எல்லாம் அந்தப் பட்டையில்தான் இருக்கிறது. ஜன்னல் கண்ணாடி, சுவரைவிட மிகவும் மெல்லியது. வெளியே குளிரும்போது கண்ணாடியைத் தொடும் உட்காற்று குளிர்ந்து, கனத்து, கீழே வழிகிறது. ஜன்னலை இறுக மூடியிருந்தாலும் இது நடக்கும். குளிர்நாடுகளில் அறை வெப்பமூட்டியை ஜன்னலுக்குக் கீழே பொருத்தும் வழக்கம் இந்தக் குளிர்காற்றுச் சரிவைத் தடுக்கத்தான். அந்த இடத்தில் உங்கள் தலையை வைத்தால் கழுத்திலும் நெற்றியிலும் குளிர் இறங்கும். அப்படி ஒரு வெப்பமூட்டி உள்ள அறையானால் கட்டில் அதையும் மறைத்துவிடும். வெயில் காலத்தில் இதற்கு நேர்மாறு: பகலில் கண்ணாடி வழியே வந்த வெயில் தலையணையையும் மெத்தையின் தலைப்பகுதியையும் சூடாக்கி வைத்திருக்கும்.

தெருச் சத்தத்தைப் பொறுத்தவரை ஓர் அறையின் மிகப் பலவீனமான இடம் ஜன்னல்தான். செங்கல் சுவர் தடுத்துவிடும் சத்தத்தை மெல்லிய கண்ணாடியும் அதன் ஓர இடுக்குகளும் விட்டுவிடுகின்றன. தெருவைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே தலை என்றால், அந்தத் தெருவில் வண்டிகள் எப்போது தொடங்கி எப்போது ஓய்கின்றன என்பதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

பிறகு அன்றாட வேலைகள். ஜன்னலின் அடிவிளிம்பு பெரும்பாலும் தரையிலிருந்து 3 அடியில் இருக்கும். தலைமாட்டுப் பலகை மூன்றரை, நாலு அடி உயரம் என்றால் கண்ணாடியின் கீழ்ப்பகுதியை மறைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பலகையின் முதுகு தெரியும். திரைச்சீலை தரை வரை தொங்க முடியாது. பலகைக்குப் பின்னால் கசங்கிக் கிடக்கும். திடீரென்று மழை வந்தால் ஜன்னலை மூட மெத்தையில் மண்டியிட்டு ஏற வேண்டும், அதற்குள் தலையணை நனைந்திருக்கும். விரைவில் என்ன நடக்கும் என்றால், அந்த ஜன்னலை யாரும் திறக்கவே மாட்டார்கள். அறையில் இருக்கும் ஒரே ஜன்னல் மூடியே கிடந்தால் காற்றோட்டம் போய்விடும். ஜன்னலுக்குக் கீழே தலைமாடு வைத்த வீடுகளில் நான் மீண்டும் மீண்டும் பார்த்த விளைவு இதுதான்.

வீட்டில் சிறு குழந்தை இருந்தால் இன்னொரு கணக்கும் போட வேண்டும். மெத்தையின் மேற்பரப்பு ஏறத்தாழ 1 அடி 9 அங்குல உயரத்தில் இருக்கும். 3 அடியில் இருக்கும் ஜன்னல் விளிம்பு, கட்டிலில் நிற்கும் குழந்தைக்கு ஒன்றேகால் அடியில் வந்துவிடுகிறது. அதாவது சிறு குழந்தையின் தொடை, இடுப்பு உயரம்தான். கம்பி இல்லாத, அல்லது கம்பி இடைவெளி அகலமான ஜன்னலென்றால் அங்கே கட்டில் போடவே கூடாது. மடக்குத் திரைகளை ஏற்றி இறக்கும் கயிறு தொங்கினால் அது குழந்தையின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. தொட்டிலும் குழந்தைக் கட்டிலும் ஜன்னலிலிருந்து விலகித்தான் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

மீதமிருப்பது இடது பக்கச் சுவர். இடமும் இருக்கிறது, கதவும் தெரிகிறது, ஜன்னல் பக்கவாட்டில் வருகிறது. ஒரே கேள்வி வெயில். மாலை வெயில் படும் 9 அங்குலச் செங்கல் சுவர், வாங்கிய வெப்பத்தை உடனே உள்ளே விடாது. வெப்பம் வெளிப்பக்கத்திலிருந்து உட்பக்கத்துக்கு வந்துசேர 6 முதல் 8 மணி நேரம் பிடிக்கும். மாலை நாலு மணி வெயில் உள்ளே தெரிவது இரவு பத்து, பதினொரு மணிக்கு. பகலில் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்து 'குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது' என்று முடிவு செய்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். காற்று குளிர்ந்த பிறகும் சுவர் வெப்பத்தை வீசிக்கொண்டிருக்கும். அதற்கு மிக அருகில் இருப்பது உங்கள் தலை.

ஆகவே வெயில் கடுமையான மாதத்தில், வெயில் நன்றாக அடித்த ஒரு நாளில், இரவு பத்து மணிக்கு உள்ளங்கையை அந்தச் சுவரில் 2 அடி உயரத்தில் வையுங்கள். உடனே குளியலறைச் சுவரிலும் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டும் கைக்குக் குளிர்ச்சியாகவே தெரிந்தால், வேறுபாடு சிறிதாக இருந்தாலும், கவலை வேண்டாம். வெயில் சுவர் கைக்கு வெதுவெதுப்பாகத் தெரிந்தால் அது உங்கள் தோலைவிடச் சூடாக இருக்கிறது என்று பொருள். அப்போது தலையிலிருந்து வெப்பம் வெளியே போவதற்குப் பதிலாகச் சுவரிலிருந்து தலைக்கு வரும். இந்தச் சோதனையைக் குளிர்மாதத்தில் செய்தால் பயனில்லை; எல்லாச் சுவரும் தேறிவிடும்.

இரண்டுக்கும் நடுவில், அதாவது குளிர்ச்சியும் இல்லை சூடும் இல்லை என்ற நிலையில் இருந்தால் சரிசெய்ய வழி இருக்கிறது. கட்டிலைச் சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளி வையுங்கள். இடையில் அடியிலிருந்து மேலே காற்று ஏறட்டும். தலைமாட்டுப் பலகை முழுமையான மரப்பலகையாகவோ பஞ்சு வைத்துத் தைத்ததாகவோ இருக்க வேண்டும். கம்பிகளால் ஆன தலைமாடு சுவரின் வெப்பவீச்சைத் தடுக்காது. பலகை சுவருக்கும் தலைக்கும் நடுவே நிற்கும் மறைப்பு, அதன் பின்னால் காற்று ஓடினால் பலகையும் சூடேறாது. இதைவிடப் பலன் தருவது சுவரின் வெளிப்பக்கம் நிழல் விழச் செய்வது: ஒரு மறைப்புத் தட்டி, படர்கொடிக்கு ஒரு பந்தல், முடிந்தால் வெளிர் வண்ணப்பூச்சு. வெயில் சுவருக்குள் நுழையும் முன்பே தடுப்பதற்கு ஈடாக உள்ளே செய்யும் எந்த வேலையும் இல்லை.

அதே 3 அங்குல இடைவெளி குளிர்காலத்திலும் வேலை செய்யும். வெளிச்சுவர் குளிர்ந்திருக்கும்போது, இரவு முழுவதும் மூச்சிலிருந்து வரும் ஈரம் பலகைக்குப் பின்னால் உள்ள காற்றோட்டமில்லாத மூலையில் படிந்து பூசணமாகும். பலகையைச் சுவரில் அழுத்தி வைத்திருந்தால் அது நிச்சயம் அங்கேதான் தொடங்கும். பின்னால் கருமையான புள்ளிகள் தெரிகின்றனவா என்று குளிர் முடியும் நேரத்தில் ஒருமுறை விளக்கடித்துப் பார்த்துவிடுங்கள்.

இனி அளவோடு இடத்தைக் குறிப்போம். இடது சுவர் 12 அடி. கட்டிலின் அகலம் 5 அடி 3 அங்குலம். ஜன்னல் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் இரண்டரை அடி விடுங்கள். ஒருவர் எழுந்து நிற்கவும், ஜன்னலைத் திறந்து மூடவும், மெத்தை விரிப்பைச் செருகவும் அது போதும். 2 அடிக்குக் கீழே போனால் பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்க வேண்டியிருக்கும். அப்போது கதவுச் சுவர்ப் பக்கம் மிச்சமாகும் இடம் 4 அடி 3 அங்குலம். பீரோவைக் கதவுச் சுவரில், இடது மூலையிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நிறுத்துங்கள். அந்த ஒன்றரை அடி, தலைமாட்டுப் பக்கம் ஒரு சிறு மேசைக்கு வழி விடும். பீரோவின் ஆழம் 1 அடி 9 அங்குலம் என்றால் அதற்கும் கட்டிலுக்கும் நடுவே இரண்டரை அடி இருக்கும். இரட்டைக் கதவு பீரோவின் ஒவ்வொரு கதவும் ஒன்றரை அடிக்குள்தான் இருக்கும் என்பதால் தாராளமாகத் திறக்கலாம். ஒற்றைக் கதவு பீரோ என்றால் கதவின் அகலத்தை அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள்; கதவைத் திறந்துவிட்டு நீங்கள் நிற்கவும் இடம் வேண்டும்.

கால்மாட்டுப் பக்கம், 3 அங்குல இடைவெளியையும் 7 அடி நீளத்தையும் கழித்தால் குளியலறைச் சுவர் வரை 2 அடி 9 அங்குலம். இதுதான் ஜன்னல் பக்கம் படுப்பவருக்கான பாதை. இருட்டில் நடக்கும் பாதை என்பதால் இங்கே எதையும் வைக்காதீர்கள், துணிக்கூடைகூட வேண்டாம். கதவு முழுதாகத் திறந்து நிற்கும் 3 அடியும் கட்டிலின் விளிம்புக்கு முன்பே முடிந்துவிடுவதால் இரண்டும் மோதாது.

இந்த அமைப்பில் மின்விசிறியும் ஒத்துழைக்கிறது. அறையின் நடுவில் விசிறி இருந்தால் தலையணையிலிருந்து மூன்றரை அடியில், உங்கள் தொடைக்கும் முழங்காலுக்கும் மேலே சுழலும். காற்று உடல் முழுவதும் பரவும். ஜன்னலுக்குக் கீழே தலை வைத்திருந்தால் அதே விசிறி உங்கள் கணுக்காலுக்கு மேல் சுழன்றிருக்கும். ஏ.சி. வைப்பதாக இருந்தால் தலைமாட்டுச் சுவரிலும் வேண்டாம், முகத்துக்கு நேர் எதிரேயும் வேண்டாம். ஜன்னல் சுவரிலோ கதவுச் சுவரிலோ, கால்பகுதியைக் கடந்து காற்று போகும்படி பொருத்துங்கள்.

ஜன்னல் வெளிச்சமும் பெரும்பாலும் காலின் பக்கம்தான் விழும். ஜன்னல் 4 அடி, சுவர் 10 அடி, நடுவில் இருக்கிறது. ஆகவே மூலைக்கும் ஜன்னலின் இடது ஓரத்துக்கும் நடுவில் 3 அடி வெறும் சுவர். உங்கள் தலையணைப் பட்டை முழுவதும் அந்த 3 அடியின் மறைவில் வருகிறது. தெரு விளக்கு ஜன்னலின் வலது பக்கமாக நின்றால் மட்டும் சாய்வான வெளிச்சம் தலையணைக்கு எட்டும். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, சுவரில் எந்த இடத்தில் வெளிச்சம் விழுகிறது என்று பாருங்கள். எட்டினால் கனமான திரையை ஜன்னலைவிட இரண்டு பக்கமும் அரை அடி அகலமாகப் போடுங்கள்.

கதவைப் பற்றி உங்கள் அம்மா சொல்வதில் நடைமுறைப் பொருள் இருக்கிறது. கதவுக்கு நேர்கோட்டில் கட்டில் இருந்தால் கூடத்திலிருந்து பார்ப்பவர் கண்ணில் படுக்கை நேராகப் படும், கூடத்து வெளிச்சம் நேராக வரும், ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே ஓடும் காற்று உடலின் மேலேயே ஓடும். நான் சொன்ன இடத்தில் கதவு உங்களுக்குக் குறுக்காக, கால்மாட்டின் வலது பக்கம் இருக்கும். தலையைத் தூக்காமலே யார் வருகிறார்கள் என்று தெரியும். ஆனால் நீங்கள் கதவின் நேர்கோட்டில் இல்லை. இரவில் நிம்மதியாகப் படுக்க இந்தக் குறுக்கு நிலைதான் மிகவும் ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

இருந்தாலும் உங்கள் கதவில் ஒரு சிறு குறை உண்டு. கீல் குளியலறைச் சுவர்ப் பக்கம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் கதவைப் பாதி திறந்ததும் திறப்பு இடது பக்கம் உண்டாகிறது. கூடத்தில் நிற்பவருக்கு முதலில் தெரிவது உங்கள் தலையணைதான். கீலை மறுபக்க நிலைக்கு மாற்றினால் பாதி திறந்த கதவு படுக்கையை மறைத்து, குளியலறைச் சுவரை மட்டுமே காட்டும். ஆனால் அப்போது முழுதாகத் திறந்த கதவு பீரோவுக்குப் போகும் வழியில் நீட்டிக்கொண்டு நிற்கும். வீட்டில் ஆட்கள் நடமாட்டம் அதிகமாக இருந்து, கதவை அடிக்கடி பாதி திறந்தே வைப்பவர்களாக இருந்தால் கீலை மாற்றுவது பொருந்தும். இரவில் கதவை மூடிப் படுப்பவர்கள் என்றால் இருக்கிறபடியே விட்டுவிடுங்கள்.

கட்டிலை இழுக்கும் முன், செய்தித்தாள்களை ஒட்டி 5 அடி 3 அங்குலத்துக்கு 7 அடி அளவில் ஒரு தாளைத் தரையில் விரியுங்கள். பீரோவுக்கும் அப்படியே. பிறகு கதவைத் திறந்து, பீரோ இருக்கப்போகும் இடத்தின் முன்னால் நின்று, விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலின் இரண்டு பக்கங்களுக்கும் நடந்து பாருங்கள். தாளை மிதித்தால் அந்த இடத்தில் முழங்கால் இடிபடப்போகிறது. ஸ்விட்சும் பிளக்கும் எங்கே இருக்கின்றன என்பதையும் அப்போதே பாருங்கள். பலகைக்குப் பின்னால் ஒரு பிளக் சிக்கினால் அதை இடம் மாற்றிவிட்டே கட்டிலை வைக்க வேண்டும். பின்னால் நசுங்கும் வயர் ஆபத்தானது. எல்லாம் சரியென்றால், சட்டத்தை விட்டுவிட்டு மெத்தையை மட்டும் தரையில் அந்த இடத்தில் போட்டு இரண்டு மூன்று இரவுகள் படுத்துப் பாருங்கள். நாடாவில் தெரியாதது அதில் தெரியும்.

சுவர் வெப்பச் சோதனையில் தோற்று, வெளியே நிழல் போடவும் வழி இல்லையென்றால், ஜன்னல் பக்கம் போகலாம். ஆனால் அப்படியே அல்ல. பலகையின் உயரம் ஜன்னலின் அடிவிளிம்பைத் தாண்டக் கூடாது. கட்டிலைச் சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி, திரை தரை வரை தொங்க வழிவிடுங்கள். ஜன்னல் கதவுகள் வெளிப்பக்கம் திறப்பவையாக இருக்க வேண்டும், அவற்றின் தாழ்ப்பாள் கட்டிலின் பக்கத்தில் நின்றபடி கை நீட்டினால் எட்ட வேண்டும். ஓர இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டினால் சத்தமும் குளிர்காற்றும் குறையும். பீரோவை அப்போது இடது சுவருக்கு, கதவுச் சுவரை ஒட்டிய மூலைக்குக் கொண்டுபோய்விடுங்கள். வெயில் சுவரின் சூட்டைத் துணிகள் தாங்கிக்கொள்ளும். விசிறியைக் கட்டிலின் நடுவுக்கு நேராக, ஜன்னல் பக்கமாக ஏறத்தாழ 2 அடி நகர்த்த முடிந்தால் அதையும் செய்யுங்கள். புதிய கொக்கி கான்கிரீட் தளத்தில் உறுதியாகப் பிடிக்க வேண்டும் என்பதால் அந்த வேலையை மின்பணியாளரிடமே விடுங்கள்.